ஓட்டல் வைஃபையில் எது முதலில்: உள்நுழைவுப் பக்கமா, விபிஎன்னா?

மதிப்பிற்குரிய ஐயா,

நான் திருச்சியில் ஒரு தணிக்கை அலுவலகத்தில் பணிபுரிகிறேன். வயது 41. மாதத்தில் பத்து நாள் வெளியூர் வேலை இருக்கும். அலுவலகம் கொடுத்த விண்டோஸ் மடிக்கணினியில் விபிஎன் தானாகவே இயங்கும். அது இணையாவிட்டால் இணையமே வராது. சென்ற மாதம் பெங்களூரில் தங்கிய ஓட்டலில் வைஃபை இணைந்தது, ஆனால் அறை எண்ணைக் கேட்கும் பக்கம் வரவே இல்லை. உடன் வந்திருந்த அக்கா மகனின் ஆண்ட்ராய்டு கைப்பேசியில் அது உடனே வந்தது. நான் விபிஎன்னைத் துண்டித்துவிட்டு, தினமும் பயன்படுத்தும் ஒரு வாடிக்கையாளர் நிறுவனத்தின் தளத்தைத் திறந்தேன். இணைப்பு பாதுகாப்பானதல்ல என்று சிவப்பு எச்சரிக்கை வந்தது. அதைத் தாண்டிப் போனதும் ஓட்டலின் பக்கம் வந்தது.

மறுநாள் இரவு மீண்டும் இணையம் இல்லை. அக்கா மகன் மடிக்கணினியின் டிஎன்எஸ் எண்ணை 1.1.1.1 என்று மாற்றினான். அதன் பிறகு விபிஎன்னைத் துண்டித்தாலும் பக்கம் வரவில்லை. திரும்பும்போது விமான நிலையத்தில் என் சொந்தக் கைப்பேசியில் ஓடிபி கொடுத்து நுழைந்து, விபிஎன்னையும் இயக்கினேன். முக்கால் மணி நேரத்தில் எல்லாம் நின்றுவிட்டது. விபிஎன் இணைந்திருப்பதாகவே காட்டியது.

ஓட்டல்காரர்கள் வேண்டுமென்றே விபிஎன்னைத் தடுக்கிறார்களா? விபிஎன் இல்லாமல் அந்தப் பக்கத்தில் நுழைந்தால் என் கடவுச்சொற்கள் போய்விடாதா? அலுவலக விபிஎன்னையே நீக்கிவிடலாம் என்கிறான் அக்கா மகன். செய்யலாமா?

வாசகி, திருச்சி

அன்புள்ள வாசகிக்கு,

உங்களுக்கு நேர்ந்த மூன்று தடங்கல்களுக்கும் காரணங்கள் வெவ்வேறானவை. முதல் இரவு இணையத்தைத் தடுத்தது உங்கள் மடிக்கணினியே. இரண்டாம் இரவு தடுத்தது, பெரும்பாலும், அக்கா மகன் மாற்றிய எண். விமான நிலையத்தில் நேரம் முடிந்துபோயிருக்கிறது. இந்த மூன்றிலும் ஓட்டலோ விமான நிலையமோ விபிஎன் மீது பகை கொண்டு எதையும் செய்ததாக எனக்குத் தோன்றவில்லை. விபிஎன்னை உண்மையிலேயே தடுக்கும் வைஃபைகளும் உண்டு. அவற்றை எப்படி அடையாளம் காண்பது என்பதைப் பின்னால் சொல்கிறேன்.

வாசலில் இருக்கும் பதிவேடு

அடுக்குமாடிக் குடியிருப்பின் வாசலில் காவலாளி ஒரு பதிவேட்டை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பதைப் பார்த்திருப்பீர்கள். வந்தவர் பெயரையும் வீட்டு எண்ணையும் எழுதினால்தான் உள்ளே விடுவார். ஓட்டல் வைஃபையின் உள்நுழைவுப் பக்கம் அந்தப் பதிவேடுதான்; துறையில் இதைக் கேப்டிவ் போர்ட்டல் என்பார்கள். நீங்கள் வைஃபை பெயரைத் தொட்டவுடன் ஓட்டலின் கருவி உங்கள் மடிக்கணினிக்கு ஒரு தற்காலிக முகவரியைக் கொடுத்துவிடுகிறது. அதனால்தான் இணைந்துவிட்டதாகத் திரையில் தெரிகிறது. ஆனால் மடிக்கணினியின் வைஃபை அட்டைக்கு உரிய அடையாள எண், அதாவது மேக் முகவரி, அனுமதிக்கப்பட்டவர்களின் பட்டியலில் ஏறும் வரை அந்தக் கருவி எதையும் வெளியே விடுவதில்லை. மறைகுறியாக்கம் இல்லாத சாதாரண `http` பக்கம் எதையாவது நீங்கள் கேட்டால் மட்டும், அதற்குப் பதிலாகத் தன் உள்நுழைவுப் பக்கத்துக்கு உங்களைத் திருப்பிவிடும்.

அப்படியானால் அந்தப் பக்கம் தானாகவே எழும்பி வருவது எப்படி என்று கேட்கலாம். அது ஓட்டல் அனுப்புவதன்று, உங்கள் கருவியே தேடிப் பிடிப்பது. புதிய வைஃபையில் இணைந்ததும் விண்டோஸ் ஓசையில்லாமல் `http://www.msftconnecttest.com/connecttest.txt` என்ற சிறு கோப்பைக் கேட்கிறது. அதில் `Microsoft Connect Test` என்ற மூன்று சொற்கள் வந்தால் இணையம் இருக்கிறது என்று முடிவு செய்கிறது. வேறு எங்காவது திருப்பிவிடப்பட்டால், வாசலில் ஒரு பதிவேடு இருக்கிறது என்று புரிந்துகொண்டு உலாவியைத் திறக்கிறது. ஆப்பிள் கருவிகள் `captive.apple.com` என்ற முகவரியிலும், ஆண்ட்ராய்டு கைப்பேசிகள் `connectivitycheck.gstatic.com` என்ற முகவரியிலும் இதே சோதனையைச் செய்கின்றன.

இப்போது உங்கள் அலுவலக விபிஎன்னின் குணத்தை நினைத்துப் பாருங்கள். விபிஎன் இணையாவிட்டால் இணையமே வராது என்று எழுதியிருக்கிறீர்கள்; துறையில் இதைக் கில் சுவிட்ச் என்பார்கள். பிறர் படிக்க முடியாதபடி விபிஎன் அலுவலகம் வரை போடும் பாதைதான் சுரங்கம்; அந்தச் சுரங்கத்துக்கு வெளியே ஒரு துணுக்குச் செய்திகூடப் போகக் கூடாது என்பது கில் சுவிட்சின் கட்டளை. மேலே சொன்ன சோதனையையும் அது மடிக்கணினிக்குள்ளேயே நிறுத்திவிடுகிறது. விபிஎன்னோ அலுவலகத்தை நோக்கித் தன் அழைப்பை அனுப்பிக்கொண்டே இருக்கிறது. பட்டியலில் ஏறாத கருவியிலிருந்து வருவதால் ஓட்டல் அதைக் கைவிடுகிறது. பதிவேட்டில் எழுதாமல் விபிஎன் இணையாது, விபிஎன் இணையாமல் பதிவேட்டின் அருகில் போகக் கில் சுவிட்ச் விடாது. இப்படியே விட்டால் விடியும் வரை இரண்டும் காத்துக்கொண்டிருக்கும்.

அக்கா மகனின் கைப்பேசியில் பக்கம் உடனே வந்ததில் வியப்பில்லை. விபிஎன் இல்லாத கைப்பேசியில் இந்தச் சிக்கலே எழாது. விபிஎன் இருந்திருந்தாலும், ஆண்ட்ராய்டு தன் இணைப்புச் சோதனையை மட்டும் விபிஎன்னுக்கு வெளியே அனுப்பிக்கொள்கிறது. விபிஎன் இல்லாத இணைப்புகள் எல்லாவற்றையும் தடு என்று அமைத்திருந்தாலும் இந்த ஒன்று போகும். 2022இல் முல்வாட் என்ற விபிஎன் நிறுவனம் இதை ஒரு கசிவு என்று சுட்டிக்காட்டியது. கண்டிப்பான கணக்கில் அது கசிவுதான். ஆனால் ஓட்டல் அறையில் நிற்பவருக்கு உள்நுழைவுப் பக்கம் கிடைப்பது அதனால்தான்.

சிவப்பு எச்சரிக்கையைத் தாண்டியது பற்றி

உங்கள் கடிதத்தில் எனக்குக் கவலை தந்த இடம் இதுதான். நீங்கள் விபிஎன்னைத் துண்டித்தது தவறில்லை. அதன் பின் எந்தப் பக்கத்தைத் திறந்தீர்கள் என்பதில்தான் பிழை. `https` என்று தொடங்கும் தளத்தைக் கேட்டால், பதில் சொல்பவர் தாம் அந்தத் தளம்தான் என்பதற்குச் சான்றிதழ் காட்ட வேண்டும். வழியில் குறுக்கிட்ட ஓட்டல் கருவியிடம் உங்கள் வாடிக்கையாளர் நிறுவனத்தின் சான்றிதழ் இருக்க வாய்ப்பில்லை. அது தன்னுடையதைக் காட்டியது, பெயர் பொருந்தவில்லை, உலாவி எச்சரித்தது. உலாவி தன் வேலையைச் சரியாகவே செய்திருக்கிறது.

அதைத் தாண்டிப் போனதும் ஓட்டலின் பக்கமே வந்ததால், விபரீதம் எதுவும் நடக்கவில்லை என்று எண்ணியிருப்பீர்கள். பெரும்பாலும் அப்படித்தான். ஆனாலும் ஒன்றைக் கவனிக்க வேண்டும். நீங்கள் எச்சரிக்கையை ஏற்றுத் தொடர்ந்த அந்தக் கணத்தில், அந்தத் தளத்துக்காக உங்கள் உலாவி சேமித்து வைத்திருந்த குக்கிகள் என்ற சிறு குறிப்புகளையும் சேர்த்தே அனுப்பியிருக்கும். அன்று காலை அந்தத் தளத்தில் நுழைந்துவிட்டு வெளியேறாமல் விட்டிருந்தால், நீங்கள் ஏற்கெனவே உள்ளே இருக்கிறீர்கள் என்பதற்கான அடையாளச் சீட்டும் அந்தக் குக்கிகளுக்குள் இருந்திருக்கலாம். ஓட்டலின் கருவி அதை எடுத்துப் பயன்படுத்தும் என்று நான் சொல்லவில்லை. ஓட்டலின் பெயரிலேயே ஒரு போலி வைஃபையை யாராவது நடத்தியிருந்தால், உங்கள் திரையில் தோன்றியிருக்கக்கூடியதும் இதே காட்சிதான். ஆகவே அந்தத் தளத்தில் ஒருமுறை நுழைந்து, எல்லாக் கருவிகளிலிருந்தும் வெளியேறும் வசதி இருந்தால் அதை அழுத்திவிட்டு, கடவுச்சொல்லையும் மாற்றிவிடுங்கள். ஐந்து நிமிட வேலை.

இனி எந்த வைஃபையிலும், உள்நுழைவுப் பக்கத்தை வரவழைக்க உங்களுடைய தளம் எதையும் திறக்காதீர்கள். இந்த வேலைக்கென்றே `http://neverssl.com` என்ற தளம் இருக்கிறது. அது என்றும் `https`க்கு மாறாது. அதில் நீங்கள் இழப்பதற்கும் எதுவும் இல்லை. இப்போதைய உலாவிகள் எந்த முகவரியையும் முதலில் `https` ஆகவே முயன்று பார்ப்பதால், முன்னால் உள்ள `http://` என்பதையும் சேர்த்தே தட்டச்சு செய்யுங்கள்.

இணைக்க வேண்டிய வரிசை

*இணைவதற்கு முன்.* வைஃபையின் சரியான பெயரை ரிசப்ஷனில் கேட்டுக்கொள்ளுங்கள்; அறையில் ஒட்டியிருக்கும் தாளை மட்டும் நம்பாதீர்கள். மின்னஞ்சல், வாட்ஸ்அப், கோப்புகளைத் தானாக ஒத்திசைக்கும் செயலிகள் எல்லாவற்றையும் மூடுங்கள். உலாவியில் முன்பு திறந்து வைத்த பக்கங்களையும் மூடுங்கள். விபிஎன் செயலியில் `Disconnect` அழுத்துங்கள். உங்கள் செயலியில் அப்படி அழுத்தினால் தடையும் விலகுகிறது என்பது உங்கள் கடிதத்திலிருந்தே தெரிகிறது. எல்லாச் செயலிகளிலும் அப்படி இல்லை.

*இணைந்து, பதிவு செய்தல்.* வைஃபையில் இணைந்து அரை நிமிடம் காத்திருங்கள். பக்கம் தானாக வரவில்லை என்றால் வைஃபையை ஒருமுறை துண்டித்து மீண்டும் இணையுங்கள். விண்டோஸ் தன் சோதனையை அப்போது புதிதாகச் செய்யும். முதல் இரவு விபிஎன்னைத் துண்டித்த கையோடு இதைச் செய்திருந்தால் போதுமானதாக இருந்திருக்கக்கூடும். அதற்கும் வராவிட்டால் மேலே சொன்ன முகவரியைத் திறங்கள். பக்கம் வந்ததும் அறை எண், பெயர், அல்லது கைப்பேசி எண்ணும் ஓடிபியும், இவை மட்டும்தான். கூகுள் கணக்கு அல்லது ஃபேஸ்புக் கணக்கு வழியாக நுழையும் பொத்தான் இருந்தால் அதைத் தொடாதீர்கள். செயலி ஒன்றையோ சான்றிதழ் ஒன்றையோ நிறுவச் சொன்னால் அந்த வைஃபையை விட்டு விலகிவிடுங்கள். ஓட்டல் வைஃபைக்கு அது எதுவும் தேவையில்லை.

*உறுதி செய்து, விபிஎன்னை இயக்குதல்.* நன்றி என்ற பக்கம் வந்ததை மட்டும் வைத்து முடிவு செய்யாதீர்கள். அண்மையில் திறக்காத ஏதாவது ஒரு செய்தித் தளத்தைத் திறந்து பாருங்கள். உலாவி பழைய பக்கத்தை நினைவிலிருந்து காட்டி ஏமாற்றிவிடும் என்பதால் புதிய தளமாக இருப்பது நல்லது. அது வந்தவுடன் விபிஎன்னை இணையுங்கள். விபிஎன் இணைந்த பிறகும் ஒரு பக்கம் திறக்கிறதா என்று பார்த்துவிட்டு, அதன் பிறகு மின்னஞ்சலையும் மற்றவற்றையும் திறங்கள்.

இந்த வரிசையில் விபிஎன் இல்லாமல் நீங்கள் இருக்கும் நேரம் இரண்டு நிமிடத்துக்கு மேல் போகாது. அந்த இரண்டு நிமிடத்தில் கடவுச்சொற்கள் போய்விடுமோ என்பதுதான் உங்கள் அச்சம். உள்நுழைவுப் பக்கத்தில் நீங்கள் தட்டச்சு செய்வது ஓட்டலுக்குப் போகும், அவ்வளவுதான். அதில் வங்கிக் கடவுச்சொல் இருக்கப்போவதில்லை. பின்னணியில் ஏதாவது ஒரு செயலி தானாக இயங்கினாலும், இன்று அநேகமாக எல்லாம் `https` போன்ற மறைகுறியாக்கத்துக்குள்தான் பேசுகின்றன. எந்தத் தளத்தோடு பேசுகிறீர்கள் என்பதை ஓட்டலின் கருவியால் பார்க்க முடியும். என்ன பேசுகிறீர்கள் என்பதைப் பார்க்க முடியாது, சான்றிதழ் எச்சரிக்கையை நீங்களே ஏற்றுக்கொள்ளாத வரை. தணிக்கையாளர் எந்த நிறுவனத்தின் தளத்துக்குப் போகிறார் என்பதே ஒரு தகவல் அல்லவா என்று கேட்டால், ஆம். செயலிகளையும் பக்கங்களையும் முன்பே மூடச் சொன்னது அதற்காகத்தான்.

இரண்டாம் இரவு: 1.1.1.1

பெரும்பாலான ஓட்டல்களில் உள்நுழைவுக்கு ஒரு கால வரம்பு உண்டு. இருபத்து நான்கு மணி நேரம் என்பது வழக்கமான அளவு. முதல் நாள் பெற்ற அனுமதி முடிந்ததும் உங்கள் மடிக்கணினி மறுபடி பட்டியலுக்கு வெளியே வந்துவிட்டது. அப்போது தேவைப்பட்டது மேலே சொன்ன வரிசையை இன்னொருமுறை செய்வதுதான். அதற்குப் பதிலாக டிஎன்எஸ் மாற்றப்பட்டது.

தளங்களின் பெயரைக் கொடுத்தால் எண் முகவரியைச் சொல்வது டிஎன்எஸ்ஸின் வேலை. இயல்பாக அந்த வேலையை ஓட்டலின் கருவியே செய்கிறது. உள்நுழைவுப் பக்கத்தின் பெயர் பல ஓட்டல்களில் அந்தக் கட்டடத்துக்குள் மட்டுமே தெரிந்த பெயராக இருக்கும். 1.1.1.1 என்று எழுதிவிட்டால் உங்கள் மடிக்கணினி அந்தப் பெயரை வெளியே இருக்கும் ஒரு சேவையிடம் போய்க் கேட்கும். ஒன்று, பதிவு செய்யாதவர்களின் கேள்வியை ஓட்டல் வெளியே விடாது. இல்லையென்றால், வெளியே இருப்பவருக்கு அந்தப் பெயர் தெரியாது. இரண்டில் எது நடந்தாலும் பக்கம் வராது. விபிஎன்னைத் துண்டித்த பின்னும் வராததற்கு இது பொருந்துகிறது. அக்கா மகன் கெட்ட எண்ணத்தில் செய்யவில்லை. வீட்டில் டிஎன்எஸ்ஸை மாற்றுவது சில சமயம் உதவும். ஓட்டலில் முதல் முட்டுக்கட்டை அதுவே.

அந்த எண் இன்னும் உங்கள் மடிக்கணினியில் இருக்க வாய்ப்புண்டு. விண்டோஸ் 11 என்றால் `Settings`, `Network & internet`, `Wi-Fi`, `Hardware properties` என்று போய், `DNS server assignment` எதிரில் `Edit` அழுத்தி, `Automatic (DHCP)` என்று மாற்றிவிடுங்கள். கைப்பேசியிலும் `Private DNS` என்ற இடத்தில் யாராவது ஒரு பெயரை எழுதி வைத்திருக்கிறார்களா என்று பாருங்கள். பயணத்தில் அது `Automatic` என்றே இருக்கட்டும்.

டிஎன்எஸ் சரியாக இருந்தும் பக்கம் வரவில்லை என்றால் கடைசியாக ஒரு வழி உண்டு. கட்டளைச் சாளரத்தை, அதாவது `Command Prompt` என்பதைத் திறந்து இதைத் தட்டச்சு செய்யுங்கள்:

```
ipconfig
```

வைஃபைக்கு உரிய பகுதியில் `Default Gateway` எதிரில் ஓர் எண் இருக்கும். அது 192.168.10.1 என்று இருந்தால், உலாவியில் `http://192.168.10.1` என்று எழுதிப் பாருங்கள். பெயர் எதுவும் தேவைப்படாமல் வாசல் கருவியையே நேரடியாகத் தட்டுவது இது. எல்லா ஓட்டல்களிலும் பலிக்காது, ஆனால் ரிசப்ஷனுக்குப் போன் செய்வதற்கு முன் முயன்று பார்க்கலாம்.

விமான நிலையத்தில் நின்றுபோன முக்கால் மணி

இலவச வைஃபைக்கு விமான நிலையங்களும் ரயில் நிலையங்களும் குறுகிய நேரமே கொடுக்கின்றன. நம் ரயில் நிலையங்களில் ரயில்வேயின் தொலைத்தொடர்பு நிறுவனமான ரெயில்டெல் தரும் இலவச இணைப்பு அரை மணி நேரம்தான். நேரம் முடிந்ததும் வாசல் மூடப்படுகிறது, விபிஎன்னின் செய்திகளும் உள்ளேயே நின்றுவிடுகின்றன. விபிஎன் இல்லாதவருக்கு அடுத்த பக்கத்தைத் திறக்கும்போதே ஓடிபி கேட்கும் பக்கம் வந்துவிடும். உங்களுக்கு வராது. உங்கள் கோரிக்கைகள் எல்லாம் சுரங்கத்துக்குள் போவதால், திருப்பிவிடுவதற்கு ஓட்டல் கருவிக்கோ விமான நிலையக் கருவிக்கோ எதுவும் கண்ணில் படுவதில்லை.

அப்படியும் இணைந்திருப்பதாகவே விபிஎன் காட்டியதைப் பொய் என்று சொல்ல முடியாது. அந்தச் சின்னத்துக்கு நாம் கொடுக்கும் பொருள்தான் தவறு. இன்று சந்தாவுக்குக் கிடைக்கும் விபிஎன்களில் பல வயர்கார்டு என்ற முறையில் இயங்குகின்றன. அந்த முறையில் தொலைபேசி அழைப்பைப்போல இணைப்பு, துண்டிப்பு என்ற நிலைகள் கிடையாது. இயக்கினால் இயக்கம், அவ்வளவுதான். மறுமுனை பதில் சொல்கிறதா என்பது வேறு கதை. வயர்கார்டின் சொந்தச் செயலியில் `Latest handshake` என்ற வரி இருந்தால் அதைப் பாருங்கள். பயன்பாட்டில் இருக்கும்போது அது ஏறத்தாழ இரண்டு நிமிடத்துக்கு ஒருமுறை புதுப்பிக்கப்படும். பக்கங்களைத் திறக்க முயன்றுகொண்டிருக்கும்போதே அந்த வரி ஐந்து நிமிடத்துக்கு முந்தையது என்று காட்டினால், சுரங்கத்தின் மறுமுனையில் யாரும் இல்லை. அந்த வரியைக் காட்டாத செயலிகளில், பெறப்பட்ட தரவின் அளவு கூடாமல் நிற்பது அதே பொருளைத் தரும்.

அப்போது செய்ய வேண்டியது: விபிஎன்னைத் துண்டித்து, `http://neverssl.com` திறந்து, மீண்டும் ஓடிபி கொடுத்து நுழைந்து, விபிஎன்னை இயக்குவது. விமான நிலையத்தில் உட்கார்ந்து வாடிக்கையாளரின் கோப்புகளைப் பார்ப்பதாக இருந்தால் நான் இவ்வளவு பாடுபட மாட்டேன். கைப்பேசியின் மொபைல் டேட்டாவைப் பகிர்ந்து, அதன் மேல் அலுவலக விபிஎன்னை இணைத்துவிடுவேன். உள்நுழைவுப் பக்கமே இல்லாத வழி அது. உள்நாட்டுப் பயணத்தில் அதற்கு ஆகும் செலவும் அற்பம்.

விபிஎன் உண்மையிலேயே தடுக்கப்பட்டிருந்தால்

உள்நுழைந்த பின், விபிஎன் இல்லாமல் செய்தித் தளம் திறக்கிறது. விபிஎன் இணைய மறுக்கிறது. அதே மடிக்கணினியில் அதே விபிஎன், கைப்பேசி டேட்டாவில் உடனே இணைகிறது. மூன்றும் ஒன்றாகப் பொருந்தினால்தான் அந்த வைஃபை விபிஎன்னைத் தடுக்கிறது என்று சொல்ல வேண்டும். அதுவும் பல நேரம் குறிவைத்த தடையாக இருக்காது. இணையப் பக்கங்களுக்குத் தேவையான 80, 443 என்ற இரண்டு வாசல் எண்களை மட்டும் திறந்துவைத்து மற்றவற்றை மூடிவிடும் வழக்கம் உண்டு. வயர்கார்டின் வழக்கமான 51820, ஐகேஇவி2 முறைக்குத் தேவையான 500, 4500, ஓபன்விபிஎன்னின் 1194 எல்லாம் அந்தப் பொது மூடலில் அகப்பட்டுக்கொள்கின்றன. செயலியின் அமைப்பில் டிசிபி 443 என்ற தேர்வு இருந்தால் அதற்கு மாற்றுங்கள். வேகம் சற்றுக் குறையும், ஆனால் சாதாரண இணையப் பக்கம் செல்லும் வாசலிலேயே போவதால் பெரும்பாலும் வழி கிடைத்துவிடும்.

தங்கள் வைஃபையில் எதை அனுமதிப்பது என்று முடிவு செய்ய ஓட்டலுக்கு உரிமை உண்டு. உங்களுக்கும் அந்த வைஃபையைப் பயன்படுத்தாமல் இருக்கும் உரிமை உண்டு. இந்தியாவில் விபிஎன் பயன்படுத்துவது குற்றமன்று. 2022 ஏப்ரல் 28 அன்று மத்திய அரசின் கணினிப் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன் வெளியிட்ட உத்தரவு, வாடிக்கையாளர் விவரங்களை ஐந்து ஆண்டுகள் வைத்திருக்க வேண்டும் என்று விபிஎன் சேவை நிறுவனங்களுக்குத்தான் கடமை விதித்தது. அலுவலகங்கள் தம் ஊழியர்களுக்காக நடத்தும் விபிஎன்களுக்கு அது பொருந்தாது என்று பின்னர் விளக்கமும் தரப்பட்டது. பெயரையும் எண்ணையும் கேட்கும் பக்கத்துக்கும் ஒரு பின்னணி இருக்கிறது. பொது வைஃபையைப் பயன்படுத்துவோரை அடையாளம் காணும் ஏற்பாடு வேண்டும் என்று தொலைத்தொடர்புத் துறை 2009 பிப்ரவரியிலேயே அறிவுறுத்திவிட்டது. நம் ஊரில் எங்கு போனாலும் ஓடிபி கேட்பது அதன் தொடர்ச்சி. வெளிநாட்டுப் பயணம் என்றால், அந்த நாட்டின் விபிஎன் சட்டத்தைத் தனியாகக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

அலுவலக விபிஎன்னை நீக்கலாமா?

கூடாது. மடிக்கணினியும் அதில் உள்ள பாதுகாப்பு அமைப்பும் அலுவலகத்துக்கு உரியவை. நீங்கள் கையாள்வதோ பிறருடைய கணக்குகள். விபிஎன்னை நீக்கிய மடிக்கணினியிலிருந்து ஒரு வாடிக்கையாளரின் கோப்பு வெளியே போனால், ஓட்டல் வைஃபை சரியில்லை என்ற விளக்கத்தை எந்த அலுவலகமும் ஏற்காது. பின்னணியில் இயங்கும் விபிஎன் சேவையைப் `Task Manager` சாளரத்தில் போய் நிறுத்துவதும் அதே வகைதான். செயலியே காட்டும் `Disconnect` பொத்தானை அழுத்துவது வேறு. அது உங்களுக்கு அனுமதிக்கப்பட்ட செயல்.

அந்தப் பொத்தானும் ஒருநாள் எடுக்கப்பட்டுவிடலாம், அலுவலகங்கள் அந்தத் திசையில்தான் போகின்றன. அதற்கும் வழி இருக்கிறது. சிஸ்கோ, பாலோ ஆல்ட்டோ போன்ற நிறுவனங்களின் விபிஎன் செயலிகளில், உள்நுழைவுப் பக்கம் இருப்பது தெரிந்தால் சில நிமிடங்களுக்கு மட்டும் தடையைத் தளர்த்தி, பதிவு முடிந்ததும் மீண்டும் பூட்டிக்கொள்ளும் அமைப்பு உண்டு. அதை இயக்க வேண்டியவர் உங்கள் அலுவலகத்தின் கணினிப் பிரிவுப் பொறுப்பாளர். அடுத்த பயணத்துக்கு முன் அவருக்கு இப்படி எழுதுங்கள்: "ஓட்டல்களில் வைஃபை உள்நுழைவுப் பக்கம் விபிஎன் தடையால் திறப்பதில்லை. நம் விபிஎன் செயலியில் கேப்டிவ் போர்ட்டலுக்கான கால வரம்புள்ள விலக்கு இருக்கிறதா? இருந்தால் என் கணினிக்கு எத்தனை நிமிடம் அமைத்திருக்கிறீர்கள்? விபிஎன்னை டிசிபி 443 வழியாக இணைக்கும் வசதி உண்டா?"

விலக்கு இல்லை என்று பதில் வந்தால், ஆண்ட்ராய்டு கைப்பேசி ஒன்று உதவும். கைப்பேசியை ஓட்டல் வைஃபையில் இணைத்து, உள்நுழைவுப் பக்கத்தைக் கைப்பேசியிலேயே முடித்துவிட்டு, யுஎஸ்பி கம்பியால் மடிக்கணினியோடு இணைத்து `USB tethering` என்பதை இயக்குங்கள். கைப்பேசி தன் வைஃபை இணைப்பையே கம்பி வழியாகக் கொடுக்கும். பதிவேட்டில் ஏறியிருப்பது கைப்பேசி என்பதால் மடிக்கணினி எந்தப் பக்கத்தையும் பார்க்காமல் நேரே விபிஎன்னில் இணைந்துவிடும். ஐபோனில் இது நடக்காது, அது மொபைல் டேட்டாவை மட்டுமே பகிரும். முன்பதிவில் எத்தனை கருவிகளுக்கு அனுமதி என்று ஓட்டல் வரையறுத்திருந்தால், இந்த வழியைப் பற்றி ரிசப்ஷனில் ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள். அறையைக் காலி செய்யும் நாளில், மடிக்கணினியிலும் கைப்பேசியிலும் அந்த வைஃபையின் பெயரைத் தேர்ந்து `Forget` அழுத்திவிடுங்கள். அதே பெயரில் வேறு எங்காவது ஒரு வைஃபை தென்பட்டால் உங்களைக் கேட்காமல் அவை போய் ஒட்டிக்கொள்ளாது.